2016 பெங்களூர் பி.எஃப். போராட்டம்: மனக்குறையா, வளத் திரட்டலா? கட்டுரைக்கு யோசனை வேணும்

கவிதா_அல்சூர்

எல்லாருக்கும் வணக்கம். எம்.ஏ. சமூகவியல் படிக்கிறேன். சமூக இயக்கங்கள் தாளுக்கு 2500 சொல்லில் ஒரு கட்டுரை எழுதணும். கேள்வி இதுதான்: ஒரு போராட்டம் ஏன் தோன்றுகிறது என்பதற்கு மனக்குறை விளக்கமும் வளத் திரட்டல் விளக்கமும் எவ்வளவு தூரம் போதும், ஒப்பிட்டு எழுதுக.

2016 ஏப்ரல் 18, 19-ல் நம்ம ஊர்ல கார்மென்ட்ஸ் பெண்கள் பி.எஃப். விதி மாற்றத்தை எதிர்த்து ஓசூர் ரோட்டை மறிச்சாங்களே, அதை எடுக்கலாம்னு இருக்கேன். என் திட்டம்: முதல் பாதியில, மக்களோட குறைதான் போராட்டத்துக்குக் காரணம்னு சொல்ற மனக்குறைக் கோட்பாடு, இரண்டாம் பாதியில, அமைப்பும் பணமும் ஆதரவும் திரண்டாதான் போராட்டம் வரும்னு சொல்ற வளத் திரட்டல், கடைசியில "இரண்டும் சேர்ந்தால்தான் முழு விளக்கம்". இது போதுமா? வேற எப்படி அமைக்கலாம்?

தில்லி_சேகர்

போதாதும்மா. மனக்குறைக் கோட்பாடு 70-களிலேயே காலி. மனக்குறை எப்பவும் எல்லா இடத்துலயும் இருக்கு, போராட்டம் எப்பவாவதுதான் வருது. மாறாத ஒண்ணை வச்சு மாறுற ஒண்ணை விளக்க முடியாது. 1977-ல சமூகவியலாளர்கள் மெக்கார்த்தியும் சால்டும் வளத் திரட்டல் கட்டுரையில இதை எழுதினதோட கதை முடிஞ்சுது.

பெங்களூரை விட்டுட்டு எங்க ஊர் எல்லையில நடந்த விவசாயிகள் போராட்டத்தை எடுங்க. சங்கம், டிராக்டர், லங்கர்ங்கிற இலவசப் பொதுச் சமையல், வெளிநாட்டுப் பணம், எல்லாம் கண்ணுக்கு முன்னாடி இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல உட்கார்ந்தாங்க. வளம் இல்லாம அது நடக்குமா?

மு.செல்வம்

சேகர் சொன்னதில் பாதி சரி. அந்த 1977 கட்டுரை மனக்குறை இல்லை என்று சொல்லவில்லை. அதிருப்தி எந்தச் சமூகத்திலும் ஓர் இயக்கத்துக்குப் போதுமான அளவு இருக்கும், ஆகவே ஆய்வின் எடையை அமைப்பு, பணம், நேரம், வெளி ஆதரவாளர்கள் மீது வைப்போம் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட அனுமானம். முழுக் கோட்பாடு என்றுகூட அவர்கள் உரிமை கோரவில்லை. தலைப்பிலேயே "பகுதிக் கோட்பாடு" என்று போட்டிருப்பார்கள். கவிதா, அதை ஒரு கண்டுபிடிப்பு போல எழுதிவிடாதீர்கள்.

அந்த அனுமானத்துக்கு வலுச் சேர்க்கும் ஆய்வுகள் இருக்கின்றன. ஜென்கின்ஸ், பெரோ இருவரும் அதே 1977-ல் அமெரிக்கப் பண்ணைத் தொழிலாளர்களை இரண்டு காலகட்டங்களில் ஒப்பிட்டார்கள். 1946–52-ல் எழுந்த சங்கம் தோற்றது, 1965–72-ல் எழுந்தது ஜெயித்தது. வேலை, கூலி, குறை எல்லாம் ஏறக்குறைய அதேதான். மாறியது வெளியிலிருந்து வந்த ஆதரவும் அரசின் நிலையும். வளத் திரட்டல் தரப்புக்கு நீங்கள் எடுத்து வைக்கக்கூடிய பலமான சான்று இது.

எதிர்த் தரப்புக்கும் இதே அளவு பலமான சான்று வேண்டும். 1979 மார்ச்சில் அமெரிக்காவில் திரீ மைல் ஐலண்ட் அணு உலையில் விபத்து நடந்தது. அதன்பின் சுற்றுவட்டார ஊர்களில் எழுந்த எதிர்ப்பை வால்ஷ் 1981-ல் எழுதினார். எப்போதும் இருக்கிற குறை வேறு, ஒரே நாளில் மேலிருந்து வந்து விழுகிற குறை வேறு என்பது அவர் வாதம். இரண்டாவது வகை மாறிலி அல்ல, அதற்குத் தேதி உண்டு. தேதி இருந்தால் போராட்டத்தின் தேதியோடு வைத்துப் பார்க்கலாம். பெங்களூர் நிகழ்வு இந்த வகைக்குள் வருவதால்தான் இந்தக் கேள்விக்கு நல்ல தேர்வு. மாற்றாதீர்கள்.

மாற்ற வேண்டியது அமைப்பை. பாதிக்குப் பாதி பிரித்து, முடிவில் "இரண்டும் வேண்டும்" என்றால் ஒப்பீடு நடக்கவே இல்லை, இரண்டு சுருக்கம் எழுதியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். "தோன்றுகிறது" என்ற சொல்லுக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஏன் அப்போது? ஏன் அங்கே? ஏன் அவர்கள்? ஒவ்வொன்றிலும் இரண்டு விளக்கங்களையும் மோத விடுங்கள். எது எந்தக் கேள்வியில் தோற்கிறது என்று காட்டினால் அதுவே உங்கள் வாதம்.

ராஜி_பொம்மனஹள்ளி

நான் கோட்பாட்டு ஆள் இல்லை, பி.எஃப். கணக்கு வழக்கு பார்க்கிற ஆள். ஆனா இந்தப் போராட்டத்தைப் பத்தி எழுதுறவங்க விதியையே தப்பா எழுதிடுறாங்க, அதனால சொல்றேன்.

2016 பிப்ரவரி 10 அறிவிக்கை "பி.எஃப். பணத்தையே 58 வயசு வரைக்கும் எடுக்க முடியாது"ன்னு சொல்லலை. வேலையை விட்டவங்க தன்னோட பங்கையும் அதுக்கான வட்டியையும் எடுக்கலாம். முதலாளி போட்ட பங்கு மட்டும் 58 வரைக்கும் உள்ளேயே இருக்கும். முதலாளி கட்டுற 12 சதவீதத்துல 8.33 ஓய்வூதியத்துக்குப் போயிடும், பி.எஃப். கணக்குல விழறது 3.67 தான்.

சும்மா ஒரு கணக்குக்கு, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாசம் 7,000 ரூபாய்னு வையுங்க. தொழிலாளி பங்கு 840. முதலாளி பங்குல பி.எஃப்.க்கு வர்றது சுமார் 257. நாலு வருஷம் வேலை செஞ்சா, வட்டியை விட்டுட்டு, தன் பங்கு 40,320, முதலாளி பங்கு 12,336. புது விதி பூட்டுனது அந்த 12,336-ஐ. மொத்தத்துல நாலுல ஒரு பங்கை விடக் கொஞ்சம் கம்மி.

ஆனா லைன்ல பரவின செய்தி "58 வரைக்கும் பி.எஃப். கிடையாது"ங்கிற ஒரே வரி. 52,000-மும் போச்சுன்னுதான் அதைக் கேட்கிறவங்களுக்குப் படும்.

இன்னொண்ணு, கிராஜுவிட்டிக்கு தொடர்ந்து 5 வருஷ சர்வீஸ் வேணும். அதுக்கு முன்னாடி வேலையை விடுறவங்களுக்கு கைக்கு வர்ற ஒரே மொத்தத் தொகை பி.எஃப். தான். வட்டிக்கு வாங்கினது, ஸ்கூல் ஃபீஸ், கல்யாணம் எல்லாத்துக்கும் அதைத்தான் நம்பி இருப்பாங்க. ஐ.டி. கம்பெனிக்காரருக்கும் அதே விதிதான், ஆனா அவருக்கு அது சேமிப்புல ஒரு ஓரம்.

கவிதா_அல்சூர்

ரொம்ப நன்றி மேடம், நானும் முழுப் பணமும்னுதான் நினைச்சிருந்தேன். செல்வம் சார், அப்போ "ஏன் அப்போது" கேள்விக்கு மனக்குறை ஜெயிக்குதுன்னு எழுதலாமா? கூலி குறைவு, மேற்பார்வையாளர் திட்டுறது, டார்கெட் எல்லாம் பல வருஷமா இருக்கு, யாரும் நகரம் பூரா ரோட்டுக்கு வரலை. விதி மாறின உடனே வந்தாங்க.

தில்லி_சேகர்

உடனேயா? பிப்ரவரி 10-க்கும் ஏப்ரல் 18-க்கும் நடுவுல 68 நாள் இருக்கு. மனக்குறைதான் காரணம்னா பிப்ரவரி 11-ஆம் தேதியே வந்திருக்கணுமே!

மு.செல்வம்

நல்ல கேள்வி. கவிதா, இந்த 68 நாளை மறைக்காமல் கட்டுரையின் நடுவில் வையுங்கள். ஆனால் இடைவெளி இருப்பதாலேயே வளத் திரட்டல் ஜெயித்துவிடாது. அந்தக் கோட்பாடு சரி என்றால் அந்த 68 நாளில் ஏதோ திரண்டிருக்க வேண்டும்: சங்கக் கூட்டம், துண்டறிக்கை, நிதி, வெளி ஆதரவு. சங்கங்கள் இந்தத் துறையில் பல ஆண்டுகளாக இருந்தன, குறைந்தபட்சக் கூலிக்காக வேலையும் செய்தன. ஆனால் உறுப்பினர்கள் மொத்தத்தில் சிறு பங்கு. ஏப்ரல் 18-க்கு எந்தச் சங்கமும் அழைப்பு விடுக்கவில்லை. கூட்டம் தெருவுக்கு வந்த பிறகுதான் சங்கத் தலைவர்களே அங்கே போய்ச் சேர்ந்தார்கள். முறையான அமைப்பு முன்னே, போராட்டம் பின்னே என்ற வரிசை இங்கே தலைகீழ்.

இடைவெளிக்கு இன்னொரு விளக்கம், விதியின் தேதி ஒன்று, அது தொழிலாளிக்குத் தெரியவந்த தேதி வேறொன்று என்பது. மனக்குறை அறிவிக்கையில் இருப்பதில்லை, கேள்விப்பட்டவர் மனதில்தான் இருக்கிறது.

ராஜி_பொம்மனஹள்ளி

தேதி விஷயத்துல இதையும் சேர்த்துக்குங்க. பிப்ரவரி 10 அறிவிக்கைக்கு எதிர்ப்பு வந்ததால அமலாக்கத்தை ஏப்ரல் 30 வரைக்கும் தள்ளி வச்சாங்க. மே 1-லேர்ந்துதான் நடைமுறைன்னு ஆச்சு. ஏப்ரல் நடுவுல நிக்கிறவங்களுக்கு அது இன்னும் ரெண்டே வாரம். அதுக்குள்ள வேலையை விட்டுட்டு பணத்தை எடுக்கலாமா வேண்டாமாங்கிற கேள்வி. ஸ்கூல் ஃபீஸ் கட்டுற சமயமும் அதுதான்.

மு.செல்வம்

அருமை. 68 நாள் என்ற வாதம் இப்போது பாதியாகிவிட்டது, சேகர். காலக்கெடு நெருங்க நெருங்கக் குறையின் அழுத்தம் ஏறுகிறது. இது மனக்குறைத் தரப்புக்குச் சாதகம். ஆனால் ராஜி முன்னே சொன்ன 12,336-க்கும் 52,656-க்கும் உள்ள வித்தியாசம் அந்தத் தரப்புக்குள்ளேயே ஒரு ஓட்டை. உண்மையான இழப்பு காரணமா, நம்பப்பட்ட இழப்பு காரணமா? இரண்டாவது என்றால் அந்த நம்பிக்கை எப்படி உருவானது, எந்த வழியாகப் பரவியது என்று சொல்லியாக வேண்டும். மெக்கார்த்தியும் சால்டும் மனக்குறையை இயக்கக்காரர்களே உருவாக்கவும் வளர்க்கவும் முடியும் என்று எழுதினார்கள். இங்கே அப்படி உருவாக்கிய அமைப்பு எதுவும் தென்படவில்லை. வாய்வழியே உருவானது. இரண்டு கோட்பாடுகளுக்கும் இடையில் விழுகிற இடம் இது. 300 சொல்லாவது இதற்கு ஒதுக்குங்கள்.

நந்தினி_ஒயிட்ஃபீல்ட்

நல்ல விவாதம். எங்க அபார்ட்மென்ட்ல ஆறு மாசமா தண்ணி பிரச்சினை, யாரும் அசைய மாட்டேங்கிறாங்க. ஒரு போராட்டம் பண்ணலாம்னு பார்க்கிறோம். முதல்ல பணம் வசூல் பண்ணணுமா, இல்ல எல்லாருக்கும் கோபம் வர வைக்கணுமா? எது முதல்ல?

தில்லி_சேகர்

முதல்ல வாட்ஸ்அப் குரூப்ல அட்மினை மாத்துங்க.

மு.செல்வம்

நந்தினி அம்மா, இங்கே பேசுவது எப்படிப் போராடுவது என்பதல்ல, நடந்த போராட்டத்தை எப்படி விளக்குவது என்பது. ஆனாலும் உங்கள் குடியிருப்பு ஒரு நல்ல எதிர்மறை உதாரணம். குறை இருக்கிறது, ஆட்களிடம் பணமும் படிப்பும் தொடர்பும் இருக்கிறது, எதுவும் நடக்கவில்லை. பலர் தனியாக டேங்கர் வாங்கிச் சமாளித்துவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். வளம் கூடினால் விலகிக்கொள்ளவும் வழி கிடைக்கும் என்பதை வளத் திரட்டல்காரர்கள் அதிகம் பேசுவதில்லை.

பரவை_மும்பை

ஜல்லிக்கட்டை ஏன் யாரும் சொல்லலை? உச்ச நீதிமன்றம் தடை போட்டது 2014 மே மாசம். 2015 பொங்கலுக்கும் இல்லை, 2016 பொங்கலுக்கும் இல்லை. சின்னச் சின்ன ஆர்ப்பாட்டம் நடந்தது, அவ்வளவுதான். மெரினா நிரம்பினது 2017 ஜனவரியில. குறை அதே குறை, மூணு பொங்கல்ல மூணாவதுக்குத்தான் வெடிச்சுது. இது திடீர்க் குறை வாதத்தை உடைக்குது இல்லையா?

அதே சமயம் 2015 செப்டம்பர்ல மூணாறு தேயிலைத் தோட்டத்துல நம்ம தமிழ்ப் பெண்கள் போனஸ் 10 சதவீதமா குறைஞ்சதுக்கு ரோட்டுல உட்கார்ந்தாங்க. 20 சதவீதம் கேட்டாங்க. சங்கத் தலைவர்களைக் கிட்டவே விடலை. பெண்கள் ஒற்றுமைன்னு தாங்களே பேர் வச்சுக்கிட்டாங்க. பெங்களூருக்கு ஏழு மாசம் முன்னாடி, அச்சு அசல் அதே மாதிரி.

மு.செல்வம்

ஜல்லிக்கட்டு நல்ல முட்டுக்கட்டை. அதை வைத்து ஒரு பத்தி எழுதலாம்: தேதி உள்ள குறையும் இரண்டு மூன்று ஆண்டு சும்மா கிடக்கலாம். அப்படியானால் "திடீர்" என்பது போதுமான காரணம் அல்ல. ஆனால் கவனம், மெரினாவுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மாடு வளர்ப்பவர்கள் இல்லை. அங்கே குறை அடையாளம் சார்ந்தது. பெங்களூரில் சொந்தப் பணம். இரண்டையும் ஒரே தராசில் வைப்பதானால் ஏன் வைக்கிறீர்கள் என்று சொல்ல வேண்டும்.

மூணாறு பற்றி ஒரு எச்சரிக்கை. பெங்களூரும் மூணாறும் நடந்த போராட்டங்கள். நடந்ததை மட்டும் இரண்டு, மூன்று என்று அடுக்கினால் எல்லாவற்றிலும் குறை இருக்கும், எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வளமும் இருக்கும். எந்தக் கோட்பாடும் தோற்காது. நடக்காத இடம் ஒன்று வேண்டும். அது "ஏன் அங்கே" என்ற கேள்விக்குள் வரும். பி.எஃப். விதி நாடு முழுவதற்கும் ஒன்றுதான். திருப்பூரிலும் பின்னலாடைத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். பெங்களூர் அளவுக்கு அங்கே எதுவும் வெடிக்கவில்லை. ஏன்?

தில்லி_சேகர்

அதான் நானும் சொல்றேன். ஒரே குறை, ரெண்டு ஊர், வேற விளைவு. ஆக வித்தியாசம் வளத்துலதான்.

ராஜி_பொம்மனஹள்ளி

ஒரே குறைன்னு எப்படி சொல்றீங்க? 20 பேருக்குக் குறைவா இருக்கிற யூனிட்டுக்கு பி.எஃப். சட்டம் பொதுவா பொருந்தாது. திருப்பூர்ல சின்ன யூனிட், பீஸ் ரேட், கான்ட்ராக்டர் மூலமா வேலைன்னு நிறைய. பி.எஃப். கணக்கே இல்லாதவங்களுக்கு இந்த விதி ஒரு செய்தி, இழப்பில்லை. பெங்களூர்ல ஒரே கூரைக்குக் கீழே நூத்துக்கணக்குல, சில இடத்துல ஆயிரத்துக்கும் மேல. மாசா மாசம் சம்பள ரசீதுல பி.எஃப். பிடித்தம் தெரியும். இங்க குறையே அதிகம்.

மு.செல்வம்

ஆக, குறையைச் சமமாக வைத்து ஒப்பிட்டோம் என்று சொல்ல முடியாது. ஆனால் திருப்பூரில் பெரிய ஏற்றுமதி ஆலைகளும் உண்டு, அங்கே பி.எஃப். பிடிப்பார்கள். அவற்றை மட்டும் எடுத்துப் பெங்களூர் ஆலைகளோடு ஒப்பிட்டால் சேகரின் கேள்வி மீண்டும் உயிர் பெறும். அதற்கு மாணவர் கட்டுரையில் தரவு கிடைக்காது. "இந்த ஒப்பீடு இவ்வளவுதான் தாங்கும்" என்று இரண்டு வரியில் எழுதிவிட்டு நகருங்கள்.

கவிதா_அல்சூர்

சார், அப்போ வளத்தை எப்படிக் கட்டுரைக்குள்ள கொண்டு வர்றது? பக்கத்துப் பக்கத்து ஆலை, ஒரே ஷிஃப்ட், ஒரே வேன், ஒரே அறையில நாலு பேர் வாடகை, கையில போன். இதெல்லாம் வளம்னு எழுதலாமா?

மு.செல்வம்

இந்தக் கட்டுரையில் மதிப்பெண் போவதும் வருவதும் இந்த இடத்தில்தான். நீங்கள் செய்யக்கூடிய பெரிய தவறு, போராட்டம் முடிந்த பிறகு பின்னோக்கிப் பார்த்து, அதில் பயன்பட்டதையெல்லாம் வளம் என்று பெயரிடுவது. அப்படிச் செய்தால் வளம் இல்லாத போராட்டமே உலகத்தில் இருக்காது. கோட்பாடு தோற்க முடியாததாகிவிடும், அதனாலேயே வெறும் வாய்ப்பாடாகிவிடும்.

தவிர்க்க ஒரு வழி. ஏப்ரல் 17-ஆம் தேதி மாலை நிலவரப்படி என்னென்ன இருந்தன என்று முதலில் ஒரு பட்டியல் போடுங்கள். அமைப்பு, பணம், முழுநேர ஊழியர், வெளி ஆதரவாளர் ஒரு பக்கம். நீங்கள் சொன்ன ஷிஃப்ட், வேன், அறை, நெடுஞ்சாலை ஓரமாக வரிசையாக நிற்கிற ஆலைகள் மறுபக்கம். முதல் பக்கம் ஏறக்குறைய காலி. மெக்கார்த்தி, சால்ட் சொன்ன வளம் அந்த முதல் பக்கம்தான். ஆகவே அந்த வடிவத்தில் வளத் திரட்டல் இங்கே தோற்கிறது என்று தைரியமாக எழுதலாம். இரண்டாவது பக்கத்தையும் வளம் என்று சேர்த்தால் அது ஜெயிக்கும், ஆனால் அதற்குள் வேறொரு கோட்பாடாகிவிட்டது.

தில்லி_சேகர்

இதை ஒத்துக்க மாட்டேன். 77-க்கு அப்புறம் அவங்களே, அவங்க பின்னாடி வந்தவங்களும், வளத்தை விரிச்சுட்டாங்க. உறவுப் பின்னல், ஒண்ணா இருந்து பழகினது எல்லாம் சமூக வளம்தான். ஒரு ஆலை மதில் தாண்டி அடுத்த ஆலைக்குச் செய்தி போன வேகத்துக்கு வேற என்ன பேர்? பரவை சொன்ன மூணாறுலயும் லயத்துல ஒட்டி ஒட்டி வீடு. அந்த ஒட்டுதல் இல்லாம சங்கமே இல்லாத கூட்டம் ஒரே நாள்ல கூடாது.

மு.செல்வம்

ஒட்டுதல் காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. அதை யாரும் திரட்டவில்லை என்கிறேன். முதலாளி உற்பத்திக்காக வைத்த ஏற்பாடு அது. "திரட்டல்" என்ற பெயரில் ஒரு கோட்பாடு இருந்தால் திரட்டியவர் யார் என்ற கேள்விக்குப் பதில் வேண்டாமா?

தில்லி_சேகர்

கடன் வாங்கின பணமும் பணம்தான் சார்.

பரவை_மும்பை

நீங்க ரெண்டு பேரும் இதுல ஒத்துப்போக மாட்டீங்க. கவிதா, இந்தச் சண்டையையே கட்டுரையில போட்டுடுங்க.

மு.செல்வம்

அதைத்தான் சொல்ல வந்தேன். இன்னும் ஒன்று. தோன்றியதையும் நீடித்ததையும் கலக்காதீர்கள். சேகர் முதலில் எடுத்த விவசாயிகள் போராட்டத்தில் லங்கரும் டிராக்டரும் அது ஒரு வருடத்துக்கு மேல் எப்படி நின்றது என்பதற்கு அருமையான சான்று. தோற்றத்துக்கு அல்ல. அங்கேயும் 2020 ஜூன் 5 அவசரச் சட்டங்கள் என்ற தேதியுள்ள குறை இருந்தது. ஆனால் பஞ்சாபில் கிராமம் வரை வேரோடிய சங்கங்கள் ஏற்கெனவே இருந்ததால் நவம்பர் 26-க்கு "தில்லி சலோ" என்று முன்கூட்டியே நாள் குறித்து வர முடிந்தது. பெங்களூரில் நாள் குறிக்க ஆள் இல்லை. இரண்டு நாளில் கோரிக்கை நிறைவேறியது, கூட்டமும் கலைந்தது. கூலி உயர்வு என்ற அடுத்த கோரிக்கைக்கு அந்தக் கூட்டம் நகரவில்லை. வளமில்லாமல் தோன்றலாம், தொடர்வது கடினம் என்று இதை வாசிக்கலாம். ஆனால் இதை ஒரு பத்திக்கு மேல் வளர்த்தால் கேள்வியை விட்டு விலகிவிடுவீர்கள்.

கவிதா_அல்சூர்

சரி சார். என் மைய வாக்கியத்தை இப்படி மாத்தியிருக்கேன், பார்த்துச் சொல்லுங்க:

"2016 பெங்களூர் போராட்டம் ஏன் அப்போது தோன்றியது என்பதை, காலக்கெடுவோடு வந்து விழுந்த மனக்குறை விளக்குகிறது. ஏன் அங்கே தோன்றியது என்பதை அது பாதிதான் விளக்குகிறது. முறையான அமைப்பையும் வெளி ஆதரவையும் மையமாக வைக்கும் வளத் திரட்டல் இரண்டையும் விளக்கவில்லை. அது விளக்க வேண்டுமானால் வளம் என்பதன் எல்லையை விரிக்க வேண்டும், அந்த விரிவுக்கு ஒரு விலை உண்டு."

"ஏன் அவர்கள்" கேள்விக்கு ராஜி மேடம் சொன்ன கிராஜுவிட்டி விஷயத்தை வச்சுக்கிறேன்.

மு.செல்வம்

நன்றாக இருக்கிறது. "அந்த விலை" என்ன என்பதை அந்த வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். "ஏன் அவர்கள்" பகுதியில் ஒரு தடை வரும்: ஆண் தொழிலாளர்களும் அதே பி.எஃப். கணக்கு வைத்திருக்கிறார்கள். பெண்கள் முன்னே நின்றது அவர்கள் ஆலையில் பெரும்பான்மை என்பதாலா, வேறு காரணமா? எண்ணிக்கையே போதும் என்று என் எண்ணம், ஆனால் எதிர்வாதம் இருக்கிறது.

தில்லி_சேகர்

எதிர்வாதம் நான் தர்றேன், நாளைக்கு. இப்ப மெட்ரோல இருக்கேன்.

ராஜி_பொம்மனஹள்ளி

கவிதா, கடைசியா ஒரு சின்ன விஷயம். அரசு பின்வாங்கினதை ஒரே வரியில எழுதிடாதீங்க. அது ரெண்டு படியா நடந்தது. முதல்ல விதியை ஜூலை 31 வரைக்கும் நிறுத்தி வைக்கிறோம்னு சொன்னாங்க. அப்புறம்தான், ஏப்ரல் 19-ல, தொழிலாளர் துறை அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா அறிவிக்கையையே வாபஸ் வாங்கினதா அறிவிச்சார். பஸ் எரிஞ்சது, கண்ணீர்ப்புகை எல்லாம் அந்த ஏப்ரல் 18, 19-க்குள்ளதான். எது முன்னாடி எது பின்னாடின்னு அன்னிக்கு வந்த பேப்பரை மணி வாரியா பார்த்துட்டு எழுதுங்க. அந்த வரிசை மாறினா யார் எதுக்குப் பணிஞ்சாங்கங்கிறதே மாறிடும்.